மூக்கு கழுவும்போது எரிச்சல் நின்றது எப்படி

தூசி அலர்ஜியால் காலையில் மூக்கு அடைத்துக்கொள்ளும். டாக்டர் உப்புநீரில் கழுவச் சொன்னார். முதலில் ஒரே எரிச்சல். உப்பு குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். அதனால் கண்ணளவை விட்டுவிட்டு, அரை லிட்டர் நீருக்கு அயோடின் கலக்காத உப்பு நாலரை கிராம் என்று நிறுத்துப் போட்டேன். நீர் வெதுவெதுப்பாகவும் இருந்ததால் எரிச்சல் நின்றது.

தண்ணீரில் மட்டும் சமரசமே கிடையாது. குழாய் நீரோ கேன் நீரோ நேரடியாக வேண்டாம். குடித்தால் ஒன்றும் செய்யாத நெக்லேரியா என்ற அமீபா, மூக்கு வழியே போனால் மூளையைத் தாக்கி உயிரையே எடுத்துவிடும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, அன்றே பயன்படுத்துகிறேன்.

வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, குழல் வைத்த சின்னப் பாத்திரமான கிண்டியால் மேல் துவாரத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். கீழ்த் துவாரம் வழியே ஒழுகும். காது அடைத்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அப்புறம் இரண்டு துவாரமும் திறந்திருக்க, லேசாகச் சிந்தலாம்.

கிண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்தாறிய நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் கிருமி வளரும்.

காதில் சீழ், செவிப்பறையில் ஓட்டை, சமீபத்தில் மூக்கு ஆபரேஷன், அடிக்கடி ரத்தக்கசிவு, முழு அடைப்பு, எதிர்ப்புசக்திக் குறைவு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.