வெள்ளவத்தைக் கடையும் பூச்சியத்துக்கு வராத குத்தகைப் பொறுப்பும்

வெள்ளவத்தையில் துணிக்கடை நடத்தும் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். 2024 ஏப்ரல் 1 முதல் ஐந்து வருடங்களுக்குக் கடையை எடுத்திருக்கிறார்கள். வருட வாடகை 1,200,000 ரூபாய்; ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் திகதியும் முன்கூட்டியே கட்ட வேண்டும். வரவு, செலவுப் பதிவு தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எந்த நியமம் என்று பாருங்கள். இங்கே சொல்வது, குத்தகையைச் சொத்தாகவும் பொறுப்பாகவும் பதியச் சொல்லும் இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான தனி நியமத்தைப் பின்பற்றுபவர்கள் சாதாரணக் கடை வாடகைக்கு இந்தப் பாடுபட வேண்டியதில்லை.

அடுத்தது, இனிக் கட்டவேண்டிய வாடகைகளை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவரும் வட்டி வீதம். வீட்டுக்காரரின் உள்ளார்ந்த வீதம் நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே இதே காலத்துக்கு, இதே போன்ற பிணையுடன் வங்கி நமக்கு என்ன வீதத்தில் கடன் தரும் என்று கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். மேலதிகப் பற்று வீதத்தை எடுக்காதீர்கள். அது குறுங்காலக் கடனுக்கானது. நான் எடுத்தது 12 சதவீதம்.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். எக்செலில் இப்படிப் போட்டேன்:

```
=PV(12%,5,-1200000,0,1)
```

4,844,819 வந்தது. அதையே குத்தகைப் பொறுப்பாகவும் சொத்தாகவும் பதிந்தேன். முதல் நாள் கட்டிய 1,200,000 ரூபாயை வழக்கம்போல வாடகைச் செலவில் போட்டேன். அட்டவணையை ஐந்தாம் வருடம் வரை இழுத்துப் பார்த்தபோது, கடைசி வாடகையைக் கட்டிய பிறகும் 1,888,223 ரூபாய் பொறுப்பு மிஞ்சி நின்றது. இரண்டு இரவுகள் வட்டி வரியைத் தேய்த்தேன். பிழை அங்கே இல்லை.

அந்தச் சூத்திரத்தின் கடைசி 1, கட்டணம் காலத்தின் தொடக்கத்தில் என்று சொல்கிறது. ஆகவே முதல் நாள் கட்டிய வாடகையும் விடையினுள் இருக்கிறது. கட்டி முடித்த பணம் எப்படிக் கடனாகும்? பொறுப்பு என்பது இன்னும் கட்டாத நான்கு வாடகைகளின் நிகழ்காலப் பெறுமதி மட்டுமே:

```
=PV(12%,4,-1200000)
```

இது 3,644,819. மிஞ்சி நின்ற 1,888,223, முதல் 1,200,000 நான்கு வருடம் 12 சதவீதத்தில் குட்டி போட்டதுதான்.

சொத்துக்கு வாருங்கள். கடையை ஐந்து வருடம் பயன்படுத்தும் உரிமைதான் இங்கே சொத்து. பொறுப்பு 3,644,819, முதல் நாள் கட்டிய வாடகை 1,200,000, நொத்தாரிசுக்கும் முத்திரைக்குமாகச் செலவான 100,000 மூன்றையும் கூட்டினால் 4,944,819. பதிவில் பயன்பாட்டு உரிமைச் சொத்து வரவு 4,944,819. குத்தகைப் பொறுப்பு செலவு 3,644,819. வங்கி செலவு 1,300,000.

முதல் வருட முடிவில் பொறுப்புக்கு 12 சதவீத வட்டி 437,378 ஏறி, மீதி 4,082,197 ஆகிறது. மறுநாள் 1,200,000 கட்டினால் 2,882,197. இதையே திரும்பத் திரும்பச் செய்தால், நான்காம் வருட முடிவில் சரியாக 1,200,000 நிற்கும். ஐந்தாம் வாடகை அதைத் துடைத்துவிடும். ஐந்தாம் வருடத்தில் வட்டியே இல்லை. ஓரிரு ரூபாய் வித்தியாசம் என்றால் முழு எண்ணாக்கியதால் வந்தது, விட்டுவிடுங்கள். அதற்கு மேல் மிஞ்சினால் முதல் கட்டணத்தைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

சொத்தை ஐந்தால் வகுத்து வருடம் 988,964 பெறுமானத் தேய்வு. முதல் வருடச் செலவு மொத்தம் 1,426,342. கட்டிய வாடகையைவிட அதிகம். முதலாளி கோபப்படுவார். வட்டி குறையக் குறையப் பின் வருடங்களில் செலவு இறங்கும் என்று அட்டவணையையே காட்டுங்கள்.

2025 மார்ச் 31 நிதிநிலைக் கூற்றில் 4,082,197இல் அடுத்த நாள் கட்டவிருக்கும் 1,200,000 நடைமுறைப் பொறுப்பு, மீதி 2,882,197 நடைமுறையல்லாப் பொறுப்பு.

இதற்கென மென்பொருள் விற்க வருபவர்கள் உண்டு. ஒன்றிரண்டு கடைகளுக்கு ஒரு எக்செல் தாள் போதும். கணக்காய்வாளர் ஒவ்வொரு கலத்தையும் திறந்து பார்க்கலாம்.

பிற்சேர்க்கை: கடைக்குக் கொடுத்த அட்வான்ஸை எங்கே போடுவது என்று கருத்துகளில் பலர் கேட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தைப் படியுங்கள். காலம் முடிந்ததும் திருப்பித் தருவார் என்றால் அது வீட்டுக்காரரிடம் வரவேண்டிய பணம், தனிச் சொத்து. வட்டியில்லாமல் கிடப்பதால் அதையும் கழிவிட்டு நிகழ்காலப் பெறுமதிக்குக் கொண்டுவர வேண்டும். குறையும் தொகை பயன்பாட்டு உரிமைச் சொத்தில் சேரும். மாறாக, வாடகையில் சிறிது சிறிதாகக் கழிப்பார் என்றால் அது முன்கூட்டிக் கட்டிய வாடகை. கொடுத்த தொகை அப்படியே பயன்பாட்டு உரிமைச் சொத்தில் சேரும். பொறுப்பைக் கணக்கிடும்போது கழித்தபின் கையால் கொடுக்கும் வாடகையை மட்டும் எடுக்க வேண்டும். முழு வாடகையை எடுத்தால் அட்வான்ஸ் இரண்டு முறை ஏறிவிடும், என் முதல் வாடகை ஏறியதைப் போலவே.