பில்டர் ஃப்ளாட்டைத் தர இழுத்தடிக்கிறாரா? தேதி கேட்டு மெயில் எழுதுவது இப்படி

எங்கள் உறவுக்காரர் ஒருவர் மாதவரத்தில் ஃப்ளாட் புக் செய்துவிட்டு இன்னும் கொளத்தூரில் வாடகைக்கு இருக்கிறார். பில்டருக்கு அவர் அனுப்பிய வாட்ஸாப் செய்தியைப் பார்த்தேன். "சார், தீபாவளிக்காவது சாவி கொடுத்துடுங்க சார், ப்ளீஸ்." பார்க்கப் பணிவாகத்தான் இருக்கிறது, ஆனால் நாளைக்கு விஷயம் புகாராகப் போனால் அதே வரியை எடுத்து நீட்டி, "தீபாவளி வரை அவரே ஒத்துக்கொண்டார்" என்று பில்டர் தரப்பு சொல்ல முடியும். அதனால் மெயில் எழுதுவோம். பில்டர், ஃப்ளாட் எண், தொகை எல்லாவற்றையும் மாற்றி அவருடைய கணக்கையே இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அக்ரிமென்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் 2023 வரை புக் செய்தவர்களிடம் பொதுவாக இரண்டு பத்திரம் இருக்கும். ஒன்று யூ.டி.எஸ். நிலப் பங்குக்கான கிரயப் பத்திரம், இன்னொன்று கட்டுமான ஒப்பந்தம். ஒப்படைப்புத் தேதி பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். அதில் நான்கு இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள்: ஒப்படைப்புத் தேதி, சலுகைக் காலம், தாமதத்துக்கு பில்டர் தர வேண்டிய தொகை, அறிவிப்பு எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்ற பிரிவு. புயல், வெள்ளம் மாதிரி கை மீறிய காரணங்களுக்கு ஒரு பிரிவு இருக்கும், அதையும் படித்துவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைக் காரணம் காட்டாத பில்டர் வடசென்னையில் குறைவு. புயல் வந்தது உண்மைதான், ஆனால் அதனால் எத்தனை நாள் வேலை நின்றது, அப்போதே எழுத்தில் சொன்னார்களா என்று கேட்க அந்தப் பிரிவுதான் உதவும்.

உங்கள் தவணைகளை எந்தெந்தத் தேதியில் கட்டினீர்கள் என்பதையும் ரசீதோடு சரிபாருங்கள். நீங்கள் ஒரு தவணை தாமதமாகக் கட்டியிருந்தால் பதிலில் முதல் வரியே அதுவாகத்தான் இருக்கும்.

படி 2: கடைசி நாளை நீங்களே கணக்கிடுங்கள்

நம் மாதிரியில் ஒப்படைப்புத் தேதி 31.03.2024, சலுகை ஆறு மாதம். ஆக, கடைசி நாள் 30.09.2024. சைட் இன்ஜினியர் சொன்ன தேதியோ, பில்டர் வாட்ஸாப் குரூப்பில் போட்ட புதுத் தேதியோ இதை மாற்றாது. "ரெராவில் எங்களுக்கு நீட்டிப்பு கிடைத்துவிட்டது" என்றும் சொல்வார்கள். ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்; அங்கே கிடைப்பது திட்டத்தின் பதிவுக் காலத்துக்கான நீட்டிப்பு. தாமதத்தை ஒப்பந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-லேயே சொல்லிவிட்டது.

படி 3: தாமதத் தொகை

அக்ரிமென்ட்டில் மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய் என்று இருந்தால், 850 சதுர அடிக்கு மாதம் 4,250 ரூபாய்தான் வரும். ரெரா சட்டத்தின் 18-ஆவது பிரிவோ, புக்கிங்கை ரத்து செய்யாமல் காத்திருப்பவருக்குத் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி தரச் சொல்கிறது. தமிழ்நாட்டு விதிப்படி ஸ்டேட் வங்கி கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் எம்.சி.எல்.ஆர். விகிதத்தில் அதிகபட்சமானதோடு இரண்டு சதவீதம் சேர்த்து வட்டி. அது 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கட்டிய 52 லட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 47,667 ரூபாய். இந்த வித்தியாசம் தெரியாமல் 4,250-க்குத் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் நிறைய. மெயிலில் கணக்கை விரிக்க வேண்டாம், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதினால் போதும்.

இங்கே ஒன்று. பெரம்பூர், கொளத்தூர் பக்கம் ஒன்றரை கிரவுண்டில் ஆறு வீடு கட்டி விற்பார்களே, அதற்கெல்லாம் ரெரா பதிவு இருக்காது. நிலம் 500 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் இரண்டேகால் கிரவுண்டுக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ பதிவு கட்டாயமில்லை. அப்படிப்பட்ட கட்டடம் என்றால் 18-ஆவது பிரிவு வரியை எடுத்துவிட்டு ஒப்பந்தத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த வழி நுகர்வோர் ஆணையம்.

படி 4: எந்தத் தேதியைக் கேட்பது

சைட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லிஃப்ட் வேலை செய்கிறதா, மீட்டர் போர்டில் மீட்டர் இருக்கிறதா, இல்லை வெறும் ஒயர்தான் தொங்குகிறதா, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் போட்டாயிற்றா என்று பாருங்கள். லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்கும்போது பதினைந்து நாளில் சாவி கேட்டால் மெயிலை யாரும் மதிக்க மாட்டார்கள். உள்வேலை முடிந்து, சி.எம்.டி.ஏ. நிறைவுச் சான்றிதழ் மட்டும் பாக்கி என்றால் இரண்டு மூன்று மாதம் தள்ளி ஒரு நாளைச் சொல்லலாம். "சீக்கிரம்", "இந்த வருஷத்துக்குள்" எல்லாம் வேண்டாம். நாள், மாதம், வருடம் மூன்றும் இருக்கட்டும்.

படி 5: மெயில்

பொருள்: பி-304, மாதவரம்: ஒப்பந்தத் தேதி கடந்துவிட்டது, 31.10.2025-க்குள் ஒப்படைக்கக் கோருதல்

ஐயா,

12.05.2022 தேதியிட்ட கட்டுமான ஒப்பந்தத்தின் பிரிவு 9(அ)-இன்படி மேற்கண்ட ஃப்ளாட்டை 31.03.2024-க்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். பிரிவு 9(ஆ)-இல் உள்ள ஆறு மாதச் சலுகையும் 30.09.2024-இல் முடிந்துவிட்டது. கேட்கப்பட்ட எல்லாத் தவணைகளையும் உரிய நாளில் செலுத்தியுள்ளோம். இதுவரை செலுத்தியது ரூ.52,00,000. ரசீதுகள் இணைப்பில் உள்ளன.

நிறைவுச் சான்றிதழுடனும் மின்சார, குடிநீர் இணைப்புகளுடனும் ஃப்ளாட்டை 31.10.2025-க்குள் ஒப்படைக்கக் கோருகிறோம். இந்தத் தேதிக்குள் முடியாது என்றால், எந்த வேலை பாக்கி, அது எந்தத் தேதியில் முடியும், நிறைவுச் சான்றிதழுக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள் என்பதை இந்த மெயில் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

மேற்கண்ட தேதியைக் கோருவதால் ஒப்பந்தத் தேதியை நீட்டிக்க நாங்கள் சம்மதித்ததாகாது. 01.10.2024 முதல் ஒப்படைக்கும் நாள் வரை ரெரா சட்டப் பிரிவு 18-இன் கீழ் வரும் வட்டிக்கான உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிக்கு, (ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இருவர் பெயரும்)

கடைசிப் பத்திதான் மெயிலின் உயிர், இடமில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள். வாடகை கட்டும் கஷ்டம், பையன் ஸ்கூல் அட்மிஷன், மாமியார் திட்டுவது எதுவும் இதில் வேண்டாம். மனைவி பெயரும் அக்ரிமென்ட்டில் இருந்தால் அவரையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

படி 6: அனுப்புவது

சேல்ஸில் பேசிய தம்பிக்கு மட்டும் அனுப்பிப் பயனில்லை, அவர் அடுத்த மாதம் வேறு கம்பெனியில் இருப்பார். அறிவிப்புப் பிரிவில் உள்ள முகவரிக்கு அனுப்பிவிட்டு, அவருக்கு நகல் போடுங்கள். அந்தப் பிரிவு தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று சொன்னால், அதே மெயிலை பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

போனில் பதில் வரும். "ஒரு தடவை ஆபீஸ் வாங்க சார், பேசிக்கலாம்." தாராளமாகப் போங்கள், ஆனால் திரும்பி வந்த அன்றைக்கே அங்கே சொன்னதை அதே மெயிலின் கீழே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். அங்கே ஏதாவது படிவம் நீட்டினால், "திருத்திய ஒப்படைப்புத் தேதிக்குச் சம்மதிக்கிறேன்", "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" மாதிரி வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நிறைவுச் சான்றிதழ் இல்லாமலே "உள்வேலை செய்துக்கோங்க" என்று சாவி கொடுப்பதும் உண்டு. அதை ஒப்படைப்பு என்று ஏற்றுக் கையெழுத்திட்டால் வட்டிக் கணக்கு அன்றோடு நின்றுவிட்டதாகச் சொல்வார்கள்.

15 நாளில் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் அதே மெயிலில் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையா, ரெரா பதிவுள்ள திட்டம் என்றால் rera.tn.gov.in-இல் படிவம் எம்-ஐ எடுத்து நிரப்ப ஆரம்பித்துவிடுங்கள். அதற்கு வேண்டிய தேதிகளும் இணைப்புகளும் ஏற்கெனவே உங்கள் மெயிலிலேயே இருக்கும்.