கறை படிந்த பழைய படமா? கலரில் ஸ்கேன் செய்யுங்கள்

தாத்தாவின் கல்யாணப் படம் கருப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்துவிடாதீர்கள். 600 dpi-யில், கலரிலேயே எடுங்கள். தண்ணீர்க் கறை பழுப்பு மஞ்சளாக இருக்கும். கலர் ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாகப் பதிவாகும். கறை நீலச் சேனலில் அடர்ந்து தெரியும், சிவப்புச் சேனலில் பெரும்பாலும் மறைந்துவிடும். GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் Colors > Components > Decompose போய் RGB தேர்ந்தெடுத்தால் மூன்றும் தனித்தனியாக வரும். சிவப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் படத்தில் பாட்டியின் புடவை மேல் இருந்த கறை இப்படித்தான் முக்கால்வாசி போனது. கறையின் ஓரக்கோடு மட்டும் கொஞ்சம் மிஞ்சும்.

அப்புறம் பூஞ்சைப் புள்ளிகள். Heal கருவியின் பிரஷ்ஷைப் புள்ளியைவிடச் சற்றே பெரிதாக வைத்து, ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மடிப்புக் கோடு சுவர், வானம் மாதிரி வெற்றிடத்தில் போனால் அதற்கும் இதுவே போதும். ஆனால் முகத்தின் விளிம்பையோ சட்டைக் காலரையோ கோடு வெட்டினால் Heal அங்கே கருப்பையும் வெள்ளையையும் குழப்பி அழுக்காக்கிவிடும். அந்த இடத்துக்கு, வேறொரு பகுதியை அப்படியே நகலெடுத்து ஒட்டும் Clone கருவிதான் சரி.

அசல் படத்தில் உள்ள பூஞ்சையை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் படலம் துணியோடு உரிந்து வந்துவிடும்.