எழுத்துப் புதிர் வெண்பா: நான் செய்து நொந்த தவறுகள்

போன வாரம் பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி புதிர் ஒன்றை எழுதி எடுத்து வந்தார். மூன்றெழுத்துச் சொல். சுவரில் இருக்கும், கடை எழுத்து போனால் வாயில் இருக்கும். அவர் நினைத்த விடை பல்லி. லி போனால் பல். எங்கள் வீட்டுப் பையன் தலைகூட நிமிராமல் “பல்பு” என்றான். தம்பியின் முகம் விழுந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய எரிச்சலும் வந்தது.

தளை தட்டுவது, மோனை அமையாதது எல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே விடைதானா என்று பார்க்காமல் விடுவது

பல வருஷம் முன்னால், பவானிப் பக்கம் ஒரு பொங்கல் மாலை. விடை சொல்பவருக்கு ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரை என்று அறிவித்துவிட்டு, “நாலெழுத்து” என்று சொல்லி இதைப் படித்தேன்.

வேலனுக் காகும் இரண்டாம் எழுத்தழிந்தால்
கூழுக்குத் தானியம் தான்

விடை கரும்பு. ரு போனால் கம்பு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போகிறதல்லவா, அதை வைத்துத்தான் ‘வேலனுக்காகும்’ என்றேன். எதுகை வாய்க்கவில்லை, போகட்டும். ஒரு பெண் உடனே கரும்பு என்றார். நான் பொட்டலத்தை நீட்டும்போது பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

“ஏனுங்க, கடம்புன்னாலும் வருதுங்களே?”

வருகிறது. க, ட, ம், பு. நாலெழுத்து. ட போனால் அதே கம்பு. கடம்ப மாலை முருகனுக்கு உரியது, அவனுக்குக் கடம்பன் என்றே ஒரு பெயர் உண்டு. நியாயமாகப் பார்த்தால் ‘வேலனுக்காகும்’ என்ற குறிப்பு என் கரும்பைவிட அவர் கடம்புக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. இன்னொரு கிலோ வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தேன். சர்க்கரை போனதுகூடப் பரவாயில்லை, எழுதியவனைவிடக் கேட்டவர் நன்றாக யோசித்திருந்தார் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இது ஏன் நடக்கிறது என்றால், எழுதுகிறவன் விடையிலிருந்து குறிப்புக்கு வருகிறான். அவன் கண்ணில் ஒரே சொல்தான் நிற்கும். கேட்பவர் குறிப்பிலிருந்து விடைக்குப் போகிறார், வழியில் எத்தனை சொல் எதிர்ப்பட்டாலும் எடுத்துக்கொள்வார். அதனால் எழுதி முடித்ததும் விடையை மறந்துவிட்டு, மாறும் எழுத்துக்கு மட்டும் கோடு போட்டு எழுதிப் பார்க்க வேண்டும். என் புதிருக்கு அது க _ ம் பு. அந்தக் கோட்டில் முதலில் அகர வரிசை: ககம்பு, கசம்பு, கடம்பு... மூன்றாவது முயற்சியிலேயே மாட்டியிருக்கும்! அப்புறம் இகர வரிசை, உகர வரிசை. இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவே ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

இரண்டாவது சொல் சிக்கினால் முழுப் பாட்டையும் கிழிக்க வேண்டியதில்லை. இரண்டையும் பிரிக்கிற இன்னொரு எழுத்துக் குறிப்பைச் சேர்த்தால் போதும். பொருள் குறிப்பை நம்பாதீர்கள், வேலனை வைத்து நான் பட்டது போதும். பின்னால் நான் சேர்த்தது இது:

முதலெழுத்து மாறி இகரம் வரினோ
உலைக்களத்தில் காயும் பொருள்

கரும்பு இரும்பாகும். கடம்பு இடம்பு என்று நிற்கும், அப்படி ஒரு உலோகம் இல்லை.

ஒற்றெழுத்தை எண்ணலாமா?

கட்டளைக் கலித்துறை எழுதிப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அதில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17 என்று ஒற்றை நீக்கி எண்ணுவோம். அந்தக் கணக்கில் கரும்பு மூன்றெழுத்து ஆகிவிடும். புதிரில் புள்ளி எழுத்தும் ஓர் எழுத்து, ஆக நாலு. தாளில் கண்ணுக்குத் தெரிகிறபடி எண்ணுங்கள்.

காதை நம்புவது

கரும்பின் தலையை மாற்றினால் அரும்பு, துரும்பு, இரும்பு என்று வரிசையாக வரும். அந்த வேகத்தில் எறும்பையும் குறும்பையும் சேர்த்துவிடுவார்கள். அவை இரண்டும் வல்லின ற. பேச்சில் பலருக்கு ரவும் றவும் ஒன்றாகவே ஒலிப்பதால் எழுதும்போது தெரியாது, சபையில் யாராவது எழுதிக் காட்டும்போது தெரியும்.

தலையை வெட்டுவது

வெட்டிய பிறகு ‘ரும்பு’ என்று நின்றால் அது சொல் இல்லை.

‘நடு எழுத்து’ என்பது

நாலெழுத்துச் சொல்லுக்கு நடு கிடையாது.

பெருந்துறைத் தம்பிக்கு ப ல் _ என்று கோடு போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, “சுவரில் ஊரும்னு மாத்திக்கட்டுங்களா?” என்றார். பொருள் குறிப்புதான், ஆனால் பல்பு ஊராது. சரி என்று விட்டுவிட்டேன்.