பிடிஎஃப் காப்பகமும் செக்சம் பட்டியலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இதழ்களை ஸ்கேன் செய்து சேமிக்கும் நண்பர் ஒருவர், கோப்புகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று மாதந்தோறும் தானாகச் சோதிக்கும்படி தாம் எழுதிய சிறு ஸ்கிரிப்டைச் சென்ற மாதம் எனக்குக் காட்டினார். அதில் இருந்த இரண்டு வரிகளும், பல ஆண்டுகளுக்கு முன் நானே எழுதி நம்பியிருந்த அதே வரிகள்.

பட்டியலைப் புதிதாக எழுதிவிட்டுச் சரிபார்ப்பது

```
sha256sum *.pdf > SHA256SUMS
sha256sum -c SHA256SUMS
```

செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறி. முதல் வரி ஒவ்வொரு கோப்பின் இன்றைய நிலைக்கும் செக்சம் கணக்கிட்டுப் பழைய பட்டியலை அழித்து எழுதுகிறது. இரண்டாவது வரி, அந்தப் புதிய பட்டியலோடு அதே கோப்புகளை ஒப்பிடுகிறது. சிதைந்த கோப்பின் செக்சமே சரியான செக்சமாகப் பதிந்துவிடுவதால் எந்த மாதமும் பிழை வராது. எனக்கும் ஆண்டுக்கணக்கில் எல்லா வரியிலும் OK என்றே வந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

ஒருவர் ஒரு கட்டுரையைக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. கோப்பு திறந்தது, முதல் பக்கங்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் நடுவில் ஒரு பக்கம் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. ஸ்கேன் பக்கங்கள் பெரும்பாலும் ஜேபெக் படங்களாகவே பிடிஎஃப்பினுள் இருப்பதால், ஒரு பிட் மாறினாலும் அந்த இடத்திலிருந்து பக்கத்தின் எஞ்சிய பகுதி முழுதும் குலைந்துபோகலாம். அந்தப் பக்கத்தைத் திறக்கும்வரை எந்த மென்பொருளும் எச்சரிக்காது.

அதைவிடக் கசப்பான பாதி பின்னால் வந்தது. இரண்டாவது டிஸ்க்குக்கு நகலெடுக்க நான் பயன்படுத்திய `rsync` வழக்கமாகக் கோப்பின் அளவையும் தேதியையும் மட்டுமே ஒப்பிடும். சத்தமில்லாச் சிதைவில் இரண்டுமே மாறுவதில்லை. ஆகவே என் இரண்டாவது டிஸ்க்கில் நல்ல பிரதி தொடப்படாமலே இருந்தது. அந்த டிஸ்க் பழையதாகிவிட்டதென்று புதியது வாங்கி, சிதைந்த முதல் டிஸ்க்கிலிருந்தே முழுப் பிரதி எடுத்துவிட்டு, நல்ல பிரதி இருந்த பழையதைத் தூக்கி எறிந்தவன் நான்தான். சில கோப்புகள் பழைய டிவிடிகளிலிருந்து மீண்டன. மூன்று தொகுதிகள் மீளவில்லை.

ஒரு கோப்பு காப்பகத்துக்குள் வரும் நாளில், ஒரே முறை செக்சம் கணக்கிட்டுப் பட்டியலின் கடைசியில் சேர்க்க வேண்டும். `>` என்ற குறிக்குப் பதில் `>>` என்று இடுவதில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது.

```
sha256sum ithazh-1931-04.pdf >> SHA256SUMS
```

மாதச் சோதனை பட்டியலைப் படிக்க மட்டுமே செய்ய வேண்டும்:

```
sha256sum -c --quiet SHA256SUMS
```

இது நல்ல கோப்புகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மாறியதை மட்டும் FAILED என்று காட்டும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் இதே பட்டியலைக் கொண்டு தனித்தனியே சோதிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பிரதிகளில் எது நல்லது என்று தெரியும். பட்டியலின் ஒரு நகல், ஸ்கிரிப்டின் கைக்கு எட்டாத வேறோர் இடத்திலும் இருக்கட்டும்.

மாறியதெல்லாம் சிதைவு என்று எண்ணுவது

FAILED என்று வந்ததும் முதலில் அளவையும் தேதியையும் பாருங்கள். இரண்டும் பழையபடியே இருந்தால் சிதைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அளவு கூடி, தேதியும் புதிதாக இருந்தால், யாரோ கோப்பைத் திறந்து ஒரு வரியில் மஞ்சள் தீட்டிச் சேமித்திருப்பார். பல மென்பொருள்கள் அத்தகைய மாற்றத்தைக் கோப்பின் கடைசியில் ஒட்டுகின்றனவே தவிர, முன்னிருந்த பைட்டுகளைத் தொடுவதில்லை. எனவே மூலக் கோப்பின் அளவைக் குறித்து வைத்திருந்தால், அந்த அளவு மட்டும் வெட்டிச் சோதிக்கலாம்:

```
head -c 48213907 ithazh-1931-04.pdf | sha256sum
```

பட்டியலில் உள்ள செக்சமே வந்தால், வெட்டிய பகுதிதான் உங்கள் மூலக் கோப்பு. வராவிட்டால், மென்பொருள் முழுக் கோப்பையும் புதிதாக எழுதியிருக்கலாம். அப்போது மற்ற டிஸ்க்கிலிருந்து எடுங்கள்.

எம்டி5 போதுமா என்று அலைவது

டிஸ்க் செய்யும் பிழையைப் பிடிக்க எம்டி5 என்ற பழைய செக்சம் முறையே போதும்; மனிதர் செய்யும் மோசடியையும் பிடிக்க வேண்டுமென்றால் போதாது, ஷா-1கூடப் போதாது, ஏனெனில் 2017இல் ஒரே ஷா-1 கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களை ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.

நகலெடுத்த கையோடு சரிபார்ப்பது

அப்போது படிக்கப்படுவது டிஸ்க் அல்ல, நினைவகமாக இருக்கலாம். டிஸ்க்கை முறையாகக் கழற்றி மீண்டும் செருகிய பிறகு சோதியுங்கள்.

கோப்புக்குத் தமிழில் பெயரிடுவது

தமிழ்ப் பெயர் கூடாதென்று சொல்ல எனக்கே மனமில்லை. ஆனால் யூனிகோடில் 'கோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்+ டிஸ்க்குகள் பெயரைப் பிரித்தே சேமிக்கும். அங்கே போய்வந்த `கோயில்.pdf` கண்ணுக்கு அதே பெயராகத் தெரிந்தாலும், லினக்ஸில் ஓடும் சோதனை அப்படியொரு கோப்பே இல்லை என்று சொல்லும். கோப்பு கெட்டதென்று பதறி ஒரு மாலை முழுதும் தேடிய பிறகு, கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்துக்கொண்டு, தமிழ்த் தலைப்புகளைத் தனி அட்டவணைக் கோப்பில் எழுதிவருகிறேன்.