புது ஷிஃப்ட் சூப்பர்வைசர் முதல் நாள் பேச வேண்டிய ஆறு வாக்கியங்கள்: மொரீஷியஸ் சாயப்பிரிவுக்கு

திருப்பூர்ப் பக்கமிருந்து மொரீஷியஸ் நிட்வேர் ஆலைகளுக்குச் சூப்பர்வைசராக வருகிறவர்களுக்காக எழுதுவது. சாஃப்ட் ஃப்ளோ, ஸ்டென்டர், பேட்ச் கார்டு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரவு 10 மணி ஷிஃப்ட், சாயப்பிரிவு, பன்னிரண்டு பேர். அவர்கள் முன்னால் நின்று ஒரு நிமிடத்துக்குள் உங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

எங்கே, எப்போது

ஷிஃப்ட் மாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால், பழைய ஆட்களும் புதிய ஆட்களும் சேர்ந்து இருக்கும் நேரம்தான் சரி. 10 மணி தாண்டிவிட்டால் மெஷின் உங்கள் ஆட்களின் கைக்கு வந்துவிடும், அவர்களைக் கூப்பிட முடியாது. ஸ்டென்டர் பக்கத்தில் நிற்காதீர்கள். புளோயர் இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும், கத்திச் சொல்வது எதுவானாலும் அதட்டலாகத்தான் காதில் விழும். பேட்ச் கார்டு தொங்கும் பலகைக்கு முன்போ, கெமிக்கல் ஸ்டோர் வாசலிலோ நிறுத்துங்கள். காதடைப்பானைக் கழற்றும்வரை காத்திருங்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள், வரவும் கூடாது. காட்டன் பேட்ச் ஒன்றில் சோடா ஆஷ் டோசிங் ஓடிக்கொண்டிருந்தால் அந்த மெஷின்காரர் அங்கேயே நிற்கட்டும். காரம் சீராகப் போகாவிட்டால் ஷேடு திட்டுத்திட்டாக விழும். அந்தத் துணியோடுதான் நீங்கள் ஷிஃப்ட்டைத் தொடங்க வேண்டியிருக்கும். அவரிடம் பிறகு தனியாகப் போய், இதே வாக்கியங்களைக் கூட்டிக் குறைக்காமல் சொல்லுங்கள்.

எந்த மொழியில்

ஆட்கள் பட்டியலில் வீரசாமி, பிள்ளை, முனுசாமி என்று பெயர்கள் இருக்கும். பார்த்ததும் தமிழில் தொடங்கத் தோன்றும். தொடங்காதீர்கள். மொரீஷியஸ் ரூபாய்த் தாளிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறையும் உண்டு. ஆனால் அந்தப் பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் வேலையிலும் பேசுவது கிரியோல்தான். தமிழில் தொடங்கினால் அவர்களுக்கும் புரியாது. பங்களாதேஷ், மடகாஸ்கர், நேபாளத்திலிருந்து வந்து பக்கத்தில் நிற்பவர்களோ, தன் ஆட்களோடு தனியாகப் பேசுகிறார் என்று அன்றைக்கே கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கை அழிக்க மாதக்கணக்காகும்.

முதலில் கிரியோல், அடுத்து அதையே எளிய ஆங்கிலத்தில். தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பி ஒருவர் இருந்தால் அவரிடம் மெஷின் அருகில் போய்த் தமிழில் பேசிக்கொள்ளலாம். கிரியோல் தெரியாது என்பது சாக்கு ஆகாது. ஆறு வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் போதும். மொழிபெயர்க்க ஒருவரை வைத்துத்தான் பேசுவேன் என்றால் வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். மொத்தமாகச் சொல்லி முடித்தால், மொழிபெயர்ப்பவர் தன் கருத்தையும் சேர்த்து உங்கள் பெயரில் பேசிவிடுவார்.

வாக்கியங்கள்

தமிழில் இப்படி இருக்கும்:

"வணக்கம், என் பெயர் செல்வம். இன்று இரவிலிருந்து இந்த ஷிஃப்ட்டுக்கு நான்தான் சூப்பர்வைசர். இன்றைக்கு எதுவும் மாறாது, அவரவர் மெஷினிலேயே இருங்கள். ஆளுக்கு ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள். துணியில் கோளாறு என்றால் மெஷின் ஓடட்டும், என்னைக் கூப்பிடுங்கள். இப்போது ஒவ்வொருவரையும் பார்க்க வருகிறேன்."

கிரியோலில்:

"போன்ஸ்வார் தூ திமூன், மோ அபெல் செல்வம். தெப்பி ஆஸ்வார், மோ மெம் சிப்பெர்விஸேர் சா லெகிப் லா. ஆஸ்வார் நான்யே பா பூ சான்ஸே, சாகென் ரெஸ் லோர் ஸோ மாசின். சி எனா தான்ஸே பூ திமூன், பேஸ் பூத்தோன் ரூஸ், லெர்லா அபெல் ம்வா. சி ப்ரோப்லெம் லோர் லாத்வால், லெஸ் மாசின் ரூலே, அபெல் ம்வா. மோ பே வின் கெத் ஸோத் என் பார் என். மெர்சி."

கிரியோலின் 'ஸ' பல இடங்களில் நம் 'ஸ' போல இல்லாமல் வண்டு ரீங்கரிப்பது போல ஒலிக்கும். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட முடியாது. முந்தின நாள் உள்ளூர்க்காரர் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். செல்வமுத்துக்குமரன் என்று முழுப்பெயர் சொன்னால், உங்களை எப்படிக் கூப்பிடுவது என்பதை அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். இரண்டாவது வாக்கியத்தில் "இன்று இரவிலிருந்து" என்பதை விடக்கூடாது. பழைய சூப்பர்வைசரிடம் பாதி, உங்களிடம் பாதி என்று யாரும் நடக்காதிருக்க அந்த ஒரு சொல் போதும்.

நான்காவதும் ஐந்தாவதும்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று தெரியும், அதனால் "எந்தச் சந்தேகம் வந்தாலும் மெஷினை நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். தையல் லைனில் அது சரி. சாயப்பிரிவில் அதற்கு விலை உண்டு. சாஃப்ட் ஃப்ளோவில் துணி கயிறு போலச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் சாயம் சமமாக ஏறும். நடுவில் நிறுத்தி அப்படியே கிடக்கவிட்டால் மடிப்புக்கோடு விழும், ஷேடும் பிரியும். ஸ்டென்டரில் நிறுத்தினால் சூட்டறைக்குள் நிற்கும் துணி மஞ்சளடித்துப் போகும். இதெல்லாம் அங்கே பத்து வருடமாக நிற்பவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். எதற்கும் நிறுத்து என்று நீங்கள் சொன்னதும், இவருக்குச் சாயம் தெரியாது என்று அவர் முடிவு கட்டிவிடுவார். அதைவிட மோசம், அந்த வாக்கியத்தையே அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடுவதால், உண்மையிலேயே கை மாட்டும்போதும் நிறுத்தத் தயங்குவார்.

ஆகவே ஆளையும் துணியையும் இரண்டு வாக்கியமாகப் பிரித்தாக வேண்டும். ஆளுக்கு ஆபத்து என்றால் துணி கெட்டால் கெடட்டும், பொத்தானை அழுத்து. துணிக்கு மட்டும் ஆபத்து என்றால் கை வைக்காதே, கூப்பிடு.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஐந்தாவது வாக்கியத்தைப் பலரும் "பா ஆரெத் மாசின்" என்றுதான் மொழிபெயர்ப்பார்கள், மெஷினை நிறுத்தாதே என்று. இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் இரைச்சலில் அந்தக் குட்டி "பா" காதில் விழாமல் போனால் மிஞ்சுவது "ஆரெத் மாசின்", அதாவது மெஷினை நிறுத்து. சொல்ல வந்ததற்கு நேர் எதிர். அதனால்தான் மேலே "லெஸ் மாசின் ரூலே", மெஷின் ஓடட்டும் என்று வைத்திருக்கிறேன். ஆலைத்தளத்தில் கட்டளை எதையும் எதிர்மறையில் சொல்லாமல் இருப்பது நல்லது. தமிழில் பேசும்போதும் "தொடாதே" என்பதைவிட "கையை எடு" மேல்.

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் விழும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. துணி உள்ளே சிக்கிக்கொண்டு அலாரம் அடிக்கும். சிக்கை எடுக்க மூடியைத் திறக்கக் கை போகும். பாலியெஸ்டர் 130 டிகிரியில் அழுத்தத்தோடு ஓடும்போது அது துணிக்கோளாறு அல்ல, ஆளுக்கான ஆபத்து. 80 டிகிரிக்குக் கீழே இறங்கி அழுத்தமும் வெளியேறும்வரை மூடியை யாரும் தொடக்கூடாது. காட்டன் 60 டிகிரியில் ஓடும்போதுகூட ரீல் சுற்றிக்கொண்டிருக்கையில் கையை உள்ளே விடுவது அதே கதைதான். இதை அறிமுகப் பேச்சில் நுழைக்காதீர்கள், நீண்டுவிடும். ஆறாவது வாக்கியத்தில் வருகிறேன் என்றீர்களே, அப்போது ஒவ்வொரு மெஷின் முன்பும் நின்று, "சிக்கு விழுந்தால் இங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டாலே யாரிடம் அதிக நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

விட்டுவிட வேண்டியவை

பழைய கம்பெனிப் பெயர், படித்த கல்லூரி, "நாமெல்லாம் ஒரே குடும்பம்". ஓவர்டைம், இரவுப்படி, விடுப்பு பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். அவை 2019ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டத்தின்படி மனிதவளப் பிரிவு பார்ப்பவை. நீங்கள் ஆறுதலாகச் சொல்லும் ஒரு தொகை மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு உங்கள் மேசைக்கு வரும்.

கைபேசியைப் பார்த்துப் படிக்காதீர்கள். உள்ளங்கை அளவு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதுதான் என் தேர்வு. ஈரக் கையோடும் எடுக்கலாம், எடுத்துப் பார்த்தால் யாரும் தவறாக நினைக்கவும் மாட்டார்கள். மெகாஃபோன் வேண்டவே வேண்டாம். கைபேசி எண்ணை வாயால் சொல்வதைவிடப் பலகையில் எழுதிவிடுங்கள். முந்தின நாளே வாட்ஸ்ஆப் குழுவில் அறிமுகம் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. நேரில் பார்க்குமுன் குரல்பதிவுகளாகக் கேள்விகள் வந்து குவிந்துவிடும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"பழைய சூப்பர்வைசர் அறிமுகம் செய்து வைக்கலாமா?" செய்யலாம், ஒரே வாக்கியம். பெயர் சொல்லிவிட்டு அவர் பக்கவாட்டில் நகர்ந்துவிட வேண்டும். பக்கத்திலேயே நின்றால் ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள்.

"வயதான அம்மாக்களை எப்படி அழைப்பது?" கிரியோலில் 'தோ' என்றால் நம் 'நீ', 'ஊ' என்றால் 'நீங்கள்'. முதல் நாள் யாராக இருந்தாலும் 'ஊ'. மேலே உள்ள வாக்கியங்களில் மொத்தக் கூட்டத்தையும் குறிக்கும் 'ஸோத்' மட்டுமே இருப்பதால் அங்கே பிரச்சினை வராது. மெஷின் அருகே தனியாகப் பேசும்போதுதான் கவனம்.

"கூட்டத்திலேயே ஓவர்டைமைக் குறைப்பீர்களா என்று கேட்டுவிட்டார்கள், என்ன சொல்வது?" தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள்: "மோ பா கோனே. திமே மோ பூ தீர் ஸோத்." எனக்குத் தெரியாது, நாளைக்குச் சொல்கிறேன். கேள்வியை அப்போதே அவர்கள் பார்க்கப் பலகையில் எழுதுங்கள். மறுநாள் இரவு 9.50க்குப் பதில் கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே இடத்தில் நின்று அதைச் சொல்லுங்கள்.

"முதல் நாள் வராதவர்கள்?" வந்த அன்றைக்கே, மெஷினைத் தொடுமுன், நான்காவதையும் ஐந்தாவதையும் மட்டும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பெயரை மற்றவர்கள் அதற்குள் சொல்லியிருப்பார்கள்.