நீளத்தை மட்டும் பார்த்து கார் எடுக்காதீர்கள்

திருகோணமலையில் கார் வாங்கப் போகிறவர்கள் பலர், "சின்ன எஸ்.யூ.வி. தானே, செடானை விடக் கட்டை, லேசாக பார்க் பண்ணலாம்" என்று நினைக்கிறார்கள். என் மச்சானும் அப்படித்தான் ஹொண்டா வெசெலுக்கும் டொயோட்டா ஆக்சியோவுக்கும் நடுவில் நின்றார். அவர் வீட்டு ஒழுங்கை 12 அடி அகலம். கேற்றுக்கு எதிரே மதில்.

நீளத்தில் அவர் சொன்னது சரி. 2013இல் வந்த வெசெல் 4.3 மீற்றர், ஆக்சியோ 4.4 மீற்றர் அளவில். ஆனால் ஆக்சியோவின் அகலம் 169.5 சென்ரிமீற்றர், வெசெல் 177. ஜப்பானில் 1.7 மீற்றருக்கு மேல் அகலமான கார் வேறு வகுப்புக்குப் போய்விடும் என்பதால் ஆக்சியோவை அந்த எல்லைக்குள் அடக்கியிருக்கிறார்கள். திரும்பும் ஆரையும் ஆக்சியோவுக்கு 4.9 மீற்றர், வெசெலுக்கு 5.3. அந்த 40 சென்ரிமீற்றர்தான் ஒரே வீச்சில் கேற்றுக்குள் நுழைவதா, ரிவர்ஸ் எடுத்து மறுபடி வருவதா என்பதைத் தீர்மானிக்கும். மத்திய வீதியில் இரண்டு பக்கமும் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் நிற்கும்போதும் இதே கதைதான். புத்தகத்தில் போடும் அகலத்தில் சைட் மிரர் சேராது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹட்ச்பேக் என்றால் ஒடுங்கலாக இருக்கும் என்பதும் தவறு. 2010க்குப் பிந்திய விட்ஸ் அகலத்தில் ஆக்சியோ அளவுதான். அது மிச்சம் பிடிப்பது நீளத்தில், நாலு மீற்றருக்கும் குறைவு. ஒரு கார் புறப்பட்டுப் போன இடத்தில் அதனால் சுலபமாக நுழையலாம். ஆனால் அந்த மிச்சம் டிக்கியிலிருந்துதான் வருகிறது. ஐந்து பேரும் சீற்றில் இருக்க, யாழ்ப்பாணம் போகும் பெரிய பைகள் இரண்டை வைத்தால் மூன்றாவதற்கு இடமில்லை.

அடுத்தது, தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி. விளம்பரத்தில் போடும் கணக்கு ஆளில்லாத காருடையது. ஐந்து பேரும் பைகளும் ஏறினால் பின்பக்கம் தாழும். வேகத்தடையில் அடிப்பகுதி உரசும் சத்தம் அப்போதுதான் கேட்கும். விற்பவரோடு தனியாக ஓடிப்பார்த்தால் இது தெரியாது. முழுக் குடும்பத்தையும் ஏற்றி, உங்கள் ஒழுங்கை வரை ஒரு தடவை ஓடுங்கள்.

எஸ்.யூ.வி. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அதன் உயரமான சீற் பெரிய உதவி. குனியாமல் ஏறி இறங்கலாம். மழைக்குப் பள்ளமாகும் ஒழுங்கைக்கும் அது நல்லது.

மச்சான் இரண்டு காரையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். வெசெல் மூன்றாவது முயற்சியில் உள்ளே போனது, ஆக்சியோ முதலாவதில். அவருடைய அம்மா ஏறி இறங்கிப் பார்த்து ஆக்சியோவும் பரவாயில்லை என்றார். அதையே எடுத்தோம்.